22 மணி நேர வேலைக்கு 75 ரூபா: குழு சாம்பார் பொடிக்கு விலை எப்படி வைக்கிறது

எங்க அம்மா இருக்கிற மகளிர் குழுல சாம்பார் பொடி போட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், குழுல பதிமூணு பேரு, அதுல பொடி வேலைக்கு வர்றது அஞ்சு பேருதான். பொடி நல்லா போகுது, வாங்கினவங்க திரும்ப வந்து கேக்குறாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் அடுத்த லோடு மிளகாய் வாங்க சேமிப்புப் பணத்துல இருந்து ஐநூறு ஆயிரம்னு எடுக்க வேண்டியிருக்கு. அம்மா ஒரு நாள் போன்ல சொன்னாங்க, "வியாபாரம் நல்லாத்தான் நடக்குது, காசுதான் எங்க போகுதுன்னே தெரியல." இந்த ஒரு வாக்கியம் போதும் விலை தப்புன்னு கண்டுபிடிக்க. சரக்கு முழுசா வித்த பிறகும் அதே அளவு சரக்கை மறுபடி வாங்க கையில காசு பத்தலைன்னா, செலவுல ஒரு பகுதிய விலைல சேர்க்காம விட்டிருக்கோம்னு அர்த்தம்.

ஊருக்குப் போனப்போ நோட்டு எடுத்து உக்காந்தோம். குழு கிட்ட நோட்டுக்குப் பஞ்சமே இல்ல, தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், ரொக்கப் புத்தகம்னு ஒரு பை நிறைய இருக்கு. யார் எந்த வாரம் சந்தா கட்டல, யாருக்கு எவ்ளோ வட்டி பாக்கின்னு பைசா சுத்தமா இருக்கு. ஆனா யார் எத்தனை மணி நேரம் மிளகாய்க் காம்பு கிள்ளினாங்கன்னு ஒரு இடத்துலயும் இல்ல. இதுக்குக் காரணம் இருக்கு. தமிழ்நாட்டுல இந்தக் குழுக்கள் 1989ல தருமபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சதே சேமிச்சு கடன் கொடுத்துக்கிறதுக்காகத்தான், அப்புறம் மகளிர் திட்டம்னு மாநிலம் பூரா பரவுச்சு, கொடுத்த பயிற்சி எல்லாம் பெரும்பாலும் பணக் கணக்கு எழுதத்தான். பொருள் செஞ்சு விக்கிறது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. அதனால கணக்கு எழுதத் தெரிஞ்ச பொம்பளைங்கதான், ஆனா கைவிட்டுப் போன ரூபா மட்டும்தான் அவங்களுக்குச் செலவு, போன நேரம் செலவே இல்ல.

அவங்க போட்டிருந்த கணக்கு இது. ஒரு தடவைக்கு 10 கிலோ சாமான் வாங்குறாங்க: மல்லி 4 கிலோ, மிளகாய் வத்தல் 3 கிலோ, துவரம்பருப்பு ஒண்ணு, கடலைப்பருப்பு ஒண்ணு, மிச்சம் ஒரு கிலோவுக்கு சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், மேல கொஞ்சம் பெருங்காயமும் கறிவேப்பிலையும். எல்லாம் சேர்த்து அன்னைக்கு 1900 ரூபா ஆகியிருந்துச்சு (உங்க ஊர்ல இது மாறும், வாரத்துக்கு வாரமும் மாறும், கணக்கு போடுற முறையை மட்டும் பாருங்க). மில்லுல அரவைக்கு 140. 10 கிலோன்னா 200 கிராம் பாக்கெட் 50 வரும், கவரும் லேபிளும் சேர்ந்து ஒண்ணுக்கு ஆறரை ரூபா, அது 325. ஆக மொத்தம் 2365, அம்பதால வகுத்தா பாக்கெட் 47 ரூபா சொச்சம். பக்கத்து ஊர்க் குழு கடைக்கு 70க்குப் போடுதாம், நாமளும் 70க்கே போடுவோம், பாக்கெட்டுக்கு 23 ரூபா லாபம். பாக்க அழகான கணக்குதான்.

முதல் ஓட்டை, 10 கிலோ சாமான் 10 கிலோ பொடியா வராது. மிளகாய்க் காம்பு போகும், மல்லில குச்சி, கல்லு, மண்ணு போகும், வெயில்ல காய வெச்சு வறுக்கிறப்போ ஈரம் போகும், மில்லுல கொஞ்சம் மெஷினுக்குள்ளயே தங்கும், சலிக்கிறப்போ கப்பி நிக்கும். அம்மாவோட குழுல நான் நின்னு எடை போட்டுப் பாத்ததுல சரியா 9 கிலோ கிடைச்சது. மிளகாய் ஈரமா இருந்தா இன்னும் குறையும், அதனாலதான் வாங்கும்போதே ஒரு கைப்பிடி எடுத்து ஆட்டிப் பாக்கணும், உள்ள விதை சலசலன்னு ஓடினா காஞ்ச மிளகாய், சத்தமே இல்லாம நமுத்து வளைஞ்சா நீங்க தண்ணிய மிளகாய் விலைக்கு வாங்குறீங்க. கிலோவுக்குப் பத்து ரூபா கம்மின்னு அதை வாங்கிட்டு வந்தா காய்ஞ்சு முடிக்கிறப்போ அந்தப் பத்து ரூபாவும் போய் மேலயும் போயிருக்கும்.

அந்த 9 கிலோவையும் 200ஆல வகுத்தா 45 பாக்கெட்டுன்னு நினைப்பீங்க, அதுவும் வராது. பாக்கெட் மேல 200 கிராம்னு போட்டுட்டு உள்ள எடை குறைஞ்சா எடையளவு ஆபீசர் வந்து கேஸு போடலாம், அதனால எல்லாரும் ரெண்டு மூணு கிராம் கூடத்தான் போடுவாங்க. ஆக 44 பாக்கெட். அதுலயும் நாலு பாக்கெட்டுக்குக் காசு வர்றதில்ல, ஒண்ணு கடைக்காரருக்கு சாம்பிள், ஒண்ணு யாரோ அதிகாரி வந்தப்போ கொடுத்தது, ஒண்ணு சீல் விட்டுக் கட்டி தட்டிப்போய் திரும்பி வந்தது, இப்படி. மில்லுல இருந்து வந்த பொடிய சூடு ஆறாம கவர்ல போட்டுட்டா உள்ள வேர்த்து கட்டியாகும், அப்புறம் பூஞ்சைதான், அது பெரும்பாலும் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல நடக்கிறது. அவங்க நோட்டுல 50, நெஜமா காசா மாறினது 40.

ரெண்டாவது ஓட்டை சில்லறைச் செலவு. மார்க்கெட்ல இருந்து மூட்டை ஏத்தி வர்ற ஆட்டோ 150, கேஸ் ஒரு 70, ரெண்டையும் யாரோ ஒருத்தங்க கைக்காசுல கொடுத்துட்டு விட்டுடுறாங்க. எடை மெஷின், சீலிங் மெஷின், பெரிய வாணலி எல்லாம் சேர்த்து 9000க்கு வாங்கினது, மூணு வருஷம் உழைக்கும்னு வெச்சு, மாசம் நாலு தடவை பொடி போட்டா ஒரு தடவைக்கு 62 ரூபா தேய்மானம். கரண்ட்டும் ரூமும் ஒரு 50, மூலதனத்துக்கு எடுத்த கடனுக்கு வட்டி இன்னொரு 50, உணவுப் பாதுகாப்புப் பதிவு மாதிரி சின்னதுகளையும் சேர்த்து 165 ரூபான்னு வெச்சுக்கலாம். சீலிங் மெஷின் கெட்டுப்போற அன்னைக்குத்தான் தேய்மானம்னா என்னன்னு புரியும், அதுவரைக்கும் அது லாபம் மாதிரியே உண்டியல்ல உக்காந்திருக்கும்.

இப்போ கூட்டிப் பாருங்க. சாமான் 1900, அரவை கேஸ் ஆட்டோ 360, கவர் லேபிள் கெட்டுப்போனதையும் சேர்த்து 300, மேல் செலவு 165, மொத்தம் 2725. வந்த காசு 40 பாக்கெட் 70 ரூபான்னா 2800. மிச்சம் 75 ரூபா. அஞ்சு பேரு.

மூணாவதும் பெருசுமான ஓட்டை, கூலி. "நாங்கதான செய்றோம், எங்களுக்கு எதுக்கு கூலி, லாபம் வந்தா பிரிச்சுக்குவோம்"னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க. இதை நான் எத்தனையோ குழுல கேட்டாச்சு. கூலியை லாபத்துல இருந்து எடுத்துக்கலாம்னு விட்டா, மிளகாய்க்காரர், மில்லுக்காரர், கவர்க்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் முழுசா வாங்கிட்டுப் போன பிறகு கடைசியா மிஞ்சினது கூலின்னு ஆகுது, கடைசில எப்பவும் ஒண்ணும் மிஞ்சாது. அதனால கூலியும் மிளகாய் மாதிரி ஒரு கச்சாப்பொருள்னு நெனச்சு விலை வைக்கிறதுக்கு முன்னாடியே உள்ள போட்டுடணும். பம்பாய்ல 1959ல ஏழு பொம்பளைங்க 80 ரூபா கடன் வாங்கி ஆரம்பிச்ச லிஜ்ஜத் அப்பளத்துல இதைத்தான் பண்ணாங்க. அங்க அப்பளம் தேய்க்கிறதுக்கு கிலோவுக்கு இவ்ளோன்னு தனியா கூலி, மாவு வாங்கிட்டுப் போய் வீட்ல தேய்ச்சுக் கொண்டுவந்து கொடுத்தா கூலி வந்துரும், அப்பளம் கடைல வித்துச்சா இல்லையாங்கிறது அதுக்கப்புறம் வர்ற பேச்சு. லாபம் வந்தா அது வேற கணக்கு.

சரி எவ்ளோ கூலி போடுறது. இதுக்குக் கிராமத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அளவுகோல் இருக்கு, நூறு நாள் வேலை. 2025-26க்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 336 ரூபா, எட்டு மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 42. இது ஒண்ணும் பெரிய கூலி இல்ல, களை எடுக்கப் போனாலோ பனியன் கம்பெனிக்குப் போனாலோ கூட வரலாம், ஆனா இதுக்குக் கீழ போனா பொடி போடுறதுல அர்த்தமே இல்லங்கிறதுக்கு ஒரு தரை வேணும், அந்தத் தரையா இதை வெச்சுக்கிட்டோம்.

மணி கணக்கு எடுக்கிறதுக்கு ஒரு தடவை முழுக்க செல்போன்ல டைம் பாத்து எழுதினோம். சாமான் வாங்க ஒருத்தங்க மார்க்கெட் போய் வர 3 மணி, காம்பு கிள்ளி புடைச்சு சுத்தம் பண்ண மூணு பேரு ரெண்டு மணி, அது 6. காய வெச்சுட்டு காக்காவும் மழையும் வராம பாத்துக்கிறதுக்கு, கிளறி விடுறதுக்கு 2. வறுக்க ரெண்டு பேரு ஒன்றரை மணி, 3. மில்லுல வரிசைல நின்னு அரைச்சு வர 2. ஆற வெச்சு சலிச்சு எடை போட்டு சீல் வெச்சு லேபிள் ஒட்ட மூணு பேரு ரெண்டு மணி, 6. மொத்தம் 22 மணி நேரம். அம்மா நம்பவே இல்ல, "சும்மா பேசிக்கிட்டே செய்றதுதானடா"ன்னாங்க, பேசிக்கிட்டே செஞ்சாலும் மணி ஓடத்தான செய்யுது. 75 ரூபாவை 22ஆல வகுத்தா மணிக்கு மூணு ரூபா நாப்பது காசு வருது. இதைச் சொன்னப்போ யாரும் ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு அக்கா மட்டும், "அப்ப மில்லுக்குப் போற டவுன் பஸ்ஸு நமக்கு ஃப்ரீயா இல்லன்னா அதுவும் போயிருக்கும்"னாங்க.

மணி கணக்கு எடுக்கிறப்போ ஒரு தப்பு நடக்கும், அதை இங்கயே சொல்லிடறேன். குழுல ரொம்ப வேகமான ஒருத்தங்க இருப்பாங்க, அவங்க ஒரு மணி நேரத்துல பண்றதை வெச்சு எல்லாருக்கும் கணக்கு போட்டுட்டா மத்த நாலு பேருக்கும் கூலி குறையும். அஞ்சு பேரையும் பாத்து நடுவுல இருக்கிறவங்க வேகத்தை எடுக்கணும், அதுவும் காலைல புதுசா உக்காந்த நேரம் இல்ல, மத்தியானம் கண்ணு எரிஞ்சு தும்மல் போட்டுக்கிட்டு இருக்கிற நேரத்தையும் சேர்த்துதான். பொடில சாமான் விலைதான் பாதிக்கு மேல, அதனால இந்தத் தப்பு கொஞ்சம் மறையும், ஆனா பனை ஓலைக் கூடை மாதிரி கை வேலைல இது நேரா உயிரைக் குடிக்கும். ஓலை 40 ரூபா, வேலை அஞ்சு மணி நேரம்னா கூலியே 210, கூடை 250க்குக் கம்மியா போகவே கூடாது, ஆனா கண்காட்சில வர்றவங்க "வெறும் ஓலைதானம்மா"ன்னு 150க்குக் கேப்பாங்க. கொடுத்தா மணிக்கு 22 ரூபா.

இப்போ பொடிக்கு வருவோம். 22 மணி, 42 ரூபா, 924. இதை 2725ஓட சேர்த்தா 3649. வகுக்கிறது 44ஆல இல்ல, காசா மாறுற 40ஆல, பாக்கெட் 91 ரூபா வருது. மேல பத்து சதவீதம் குழுவுக்குன்னு வெச்சா 100. இந்தப் பத்து சதவீதத்தைக் கூலியோட குழப்பிக்கக் கூடாது. கூலி வேலை செஞ்ச அஞ்சு பேருக்கு அவங்கவங்க மணிப்படி போகணும், மேல மிஞ்சுற லாபம்தான் பதிமூணு பேருக்கும் பொது. முன்னாடி ரெண்டையும் ஒண்ணாப் போட்டு சமமா பிரிச்சதுலதான் ரெண்டு பேரு "நான் மட்டும் ஏன் நெடி தின்னணும்"னு வேலைக்கு வர்றதை நிறுத்தினாங்க, அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு அப்போ மீட்டிங்ல தீர்மானமே எழுதியிருக்காங்க.

அடுத்தது கடைக்காரர் கமிஷன், இங்க படிச்சவங்களே தப்பு பண்ணுவாங்க. கடைக்காரர் 20 சதவீதம் கேக்குறார்னா, 100க்கு மேல 20 சேர்த்து 120ன்னு லேபிள்ல அடிச்சுடுறாங்க. அவர் கேக்குறது அச்சடிச்ச விலைல 20 சதவீதம். 120ல 20 சதவீதம் 24, உங்களுக்கு வர்றது 96, அந்த நாலு ரூபா உங்க லாபத்துல இருந்து போச்சு. 100 கைக்கு வரணும்னா 100ஐ 0.8ஆல வகுக்கணும், 125. அதிகபட்ச சில்லறை விலைன்னு 125 அடிச்சா அவருக்கு 25, உங்களுக்கு 100.

அப்போ கண்காட்சில நாமளே நேரா விக்கிறப்போ 100க்கே கொடுக்கலாமேன்னு தோணும். வேண்டாம். கடைல 125க்கு விக்கிறதை நீங்க தெரு முனைல 100க்கு வித்தா கடைக்காரர் அடுத்த தடவை ஆர்டர் தர மாட்டார், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஸ்டால்ல நிக்கிறதும் வேலைதான். ஒருத்தங்க ஒரு நாள் நின்னா கூலி 336, பஸ்ஸு சாப்பாடு ஒரு 180, மொத்தம் 516. அந்த 25 ரூபாதான் இதுக்கு வருமானம், குறைஞ்சது 21 பாக்கெட் வித்தாத்தான் அந்த நாளே கட்டும். மகளிர் குழுப் பொருள் விக்கிற மதி ஸ்டால் போடக் கூப்பிட்டா சந்தோஷமா ஓடுறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்கணும், ரெண்டு நாளைக்கு 15 பாக்கெட் வித்துட்டு வந்து நல்ல வரவேற்புன்னு போட்டோ போடுறதுல ஒண்ணும் இல்ல.

சரி, 70க்கு வாங்கின கடைக்காரர் திடீர்னு 100 கொடுப்பாரா. கொடுக்க மாட்டார். கம்பெனி பொடி ஆஃபர்ல கிடைக்குது, அவன் லாரி லாரியா மிளகாய் வாங்குறவன். இங்கதான் எல்லாரும் முதல்ல கை வைக்கிற இடம் கூலி, "மணிக்கு 42 வேண்டாம், 20 போதும்"னு. மணிக்கூலில கை வைக்காம மணியக் குறைக்க முடியுமான்னு பாத்தோம். ஒரே தடவைல 30 கிலோ போட்டா மார்க்கெட் போறது மூணு தடவை இல்ல, ஒரு தடவை, மில்லு வரிசையும் ஒரு தடவை, 66 மணி ஆக வேண்டியது 50ல முடியுது, ஆட்டோ கேஸும் கொஞ்சம் குறையுது. அந்தக் கணக்குப்படி மொத்தச் செலவு சுமார் 10,065, 120 பாக்கெட்டுக்கு வகுத்தா 84, லாபம் கமிஷன் எல்லாம் போட்டு லேபிள் விலை 115. கூலில ஒரு பைசா குறைக்காம பாக்கெட்டுக்குப் பத்து ரூபா இறங்கியாச்சு.

ஆனா இதுக்கு ஒரு எல்லை இருக்கு. 30 கிலோ போட்டு 120க்குப் பதிலா 110தான் போச்சுன்னா, செலவு மறுபடி பாக்கெட்டுக்கு 91க்கே வந்துடுது, இறங்கினது எல்லாம் திரும்ப ஏறிடும். மிஞ்சிக் கிடந்து வாசம் போன பொடிய யாரும் ரெண்டாவது தடவை வாங்க மாட்டாங்க. அதனால முன்கூட்டி ஆர்டர் இருக்கிற மாசம் மட்டும் பெருசா போடுறது, இல்லாத மாசம் பத்து கிலோவோட நிறுத்திக்கிறதுன்னு முடிவாச்சு.

மிளகாய் விலை இன்னொரு தலைவலி. கிலோ 220ல இருந்து 320க்கு ஏறினா மூணு கிலோவுக்கு 300, நாப்பதால வகுத்தா பாக்கெட்டுக்கு ஏழரை, லேபிள்ல அது பத்து ரூபாவா போய் நிக்கும். லேபிள் ஆயிரம் மொத்தமா அடிச்சு வெச்சிருந்தா மாத்தவும் முடியாது, அதனால இப்போ லேபிள்ல விலை இடத்தைக் காலியா விட்டு அப்பப்போ சீல் குத்துறாங்க, நாள், பேட்ச் நம்பரோட விலையும் சேர்த்து.

புது விலையோட மூணு கடைக்குப் போனாங்க. ஒருத்தர் வேண்டாம்னுட்டார். ஒருத்தர், "பொடி நல்லா இருக்குக்கா, என் கஸ்டமர் கேக்குறாங்க"ன்னு 115க்கே ஒத்துக்கிட்டார். மூணாவது கடைக்காரர் 100 கிராம் பாக்கெட் போட்டு 60 ரூபான்னு அடிங்க, ஓடும்னார். அம்மா சந்தோஷமா தலையாட்ட இருந்தாங்களாம், ஊக்குநர் அக்கா "நோட்டைப் பாத்துட்டுச் சொல்றோம்ணே"ன்னு இழுத்துட்டு வந்துட்டாங்க. பாத்தா, 10 கிலோ சாமானுக்கு பாக்கெட் 88 ஆகும், கவர் லேபிள் 500 ஆகும், பாக்கெட் போடுற 6 மணி 10 மணியாகும், செலவு 4017, காசாகுறது 80 பாக்கெட், ஒண்ணு 50 ரூபா, லாபமும் கமிஷனும் போட்டா லேபிள்ல 69. பாதி எடை, பாதி விலை இல்ல. 69ன்னா போடுறோம், 60ன்னா வேண்டாம்னு அம்மாவே போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க, கடைக்காரர் யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டார், இன்னும் கூப்பிடல.